தொடுதிரையில் யார் பெயர்? – ஓர் உணவு ஆலையின் தணிக்கைத் தடம்

செகிஞ்சான் என்றவுடன் பலருக்கும் பச்சைப் பசேலென்ற வயலும் மீன்பிடிப் படகுகளும்தான் நினைவுக்கு வரும். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் வயல் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, கடலுணவு உண்டு திரும்பிவிடுவார்கள். அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த எனக்கு அது நெல் உமி வாசமும் தேங்காய் லாரிகளும் நிறைந்த ஊர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, அதன்பின் பல்கலைக்கழகத்தில் கருவியியல் பொறியியல் என்று போன என் படிப்பு, தொழிற்பயிற்சிக்காக மீண்டும் அதே வட்டாரத்திற்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. தேங்காய்ப்பாலை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை அது. அதன் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

அந்த ஆலையில் ஓர் இரவு நடந்த நிகழ்வையும், தொடுதிரையில் பதிவாகியிருந்த ஐந்து வரிகளை நாங்கள் படித்துப் புரிந்துகொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். பொறியியல் படிக்காத நண்பர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். கணக்கு ஒன்றே ஒன்றுதான் வரும்.

முதலில் சில சொற்கள். இயந்திரத்தின் முன் நிற்கும் பணியாளர் அதை இயக்கவும் கண்காணிக்கவும் பயன்படும் தொடுதிரைக்கு எச்.எம்.ஐ. என்று பெயர். 'மனித இயந்திர இடைமுகம்' என்று நாம் மொழிபெயர்க்கலாம். ஆலையில் எல்லாரும் 'ஸ்கிரீன்' என்றுதான் சொல்வார்கள். அதன் பின்னால் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. திரையில் நாம் தொடுவது கட்டளையாகி பி.எல்.சி.க்குப் போகிறது. அதுவே வால்வைத் திறக்கிறது, மூடுகிறது. யார், எப்போது, எந்த அளவை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பதைத் திரை தானாகவே எழுதிவைக்கும் பதிவைத் 'தணிக்கைத் தடம்' என்று இங்கே குறிப்பிடுகிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பலாம்.

தேங்காய்ப்பால் புளிப்பில்லாத பொருள். அமிலத்தன்மை குறைந்த உணவைக் காற்றுப் புகாத டின்னில் அடைக்கும்போது, குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்து உள்ளே பிழைத்திருந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். டின்னைத் திறந்து பார்ப்பவருக்கு நிறத்திலோ மணத்திலோ எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். 2007 ஜூலையில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டா நகரில் இயங்கிய காஸில்பெரி ஆலையின் டின் சாஸை உண்டவர்கள் இந்த நஞ்சினால் மருத்துவமனையில் கிடந்தார்கள். டின்கள் போதிய அளவு வேகவில்லை என்பதே காரணம்.

இதனால் மூடிய டின்களை 'ரிட்டார்ட்' என்னும் பெரிய அழுத்தக் கலனில் வைத்து நீராவியால் வேகவைக்கிறார்கள். வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பயின்ற ஆலையில் அந்த டின் அளவுக்கு விதிக்கப்பட்ட முறை 121.1 பாகை செல்சியஸில் 25 நிமிடம். டின்னின் அளவு மாறினால் இந்த எண்ணும் மாறும்; அதை முடிவு செய்யும் உரிமை வெப்பப் பதப்படுத்தலில் தேர்ந்த வல்லுநருக்கு மட்டுமே உண்டு. திரையில் வெப்பம் 121.1ஐத் தொட்டால்தான் 25 நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொடவில்லையென்றால் ரிட்டார்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

இனி மேலே சொன்ன அந்தக் கணக்கு. வித்துகளைக் கொல்லும் ஆற்றல் வெப்பம் 10 பாகை குறையும்போது பத்தில் ஒன்றாகிவிடுகிறது. 121.1 பாகையில் ஒரு நிமிடத்தை ஒரு முழு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வேறொரு வெப்பத்தில் அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு இது:

```
L = 10^((T - 121.1)/10)
```

T என்பது 119.6 ஆனால் L ஏறக்குறைய 0.71. அதாவது ஒன்றரைப் பாகை குறைந்தால் ஒவ்வொரு நிமிடத்திலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. 25 நிமிடம் ஓடினாலும் 18 நிமிடத்திற்குக் குறைவான வேலையே நடந்திருக்கும். இது ரிட்டார்ட்டின் உள்ளே இருக்கும் நீராவிக்குப் போட்ட கணக்கு. டின்னின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் அங்குள்ள நிலவரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆனாலும் ஒன்றரைப் பாகை என்பது அற்பமில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். கொதிகலனுக்கு நெல் உமிதான் எரிபொருள். இரண்டு நாள் மழையில் உமி நனைந்துவிட்டது. ஈர உமி சரியாக எரியாததால் நீராவி அழுத்தம் இறங்கியது. மூன்று ரிட்டார்ட்டுகளும் ஒன்றாக நீராவியை இழுக்கும்போது, கொதிகலனிலிருந்து தொலைவில் இருக்கும் இரண்டாம் எண் ரிட்டார்ட் 120 பாகைக்கு அருகிலேயே நின்றுவிட்டது.

அன்று ரிட்டார்ட்டுகளைக் கவனித்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு தமிழர். அவரை நான் மாமா என்று அழைப்பேன். தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டம் கைமாறிய பிறகு இந்த ஆலைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தமிழ் வாசிப்பார். மலாயில் எண்களும் சில சொற்களும் எழுதுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாளில் நீராவி திறந்த நேரம், காற்றை வெளியேற்றி முடித்த நேரம், வேகும்போது திரை காட்டும் வெப்பம், ரிட்டார்ட்டின் உடலில் பொருத்திய குறிப்பு வெப்பமானி காட்டும் வெப்பம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதிக் கையொப்பம் இடுவது அவர் பொறுப்பு.

ஒரே வெப்பத்தை ஏன் இரண்டு கருவியில் பார்க்க வேண்டும் என்று நானும் முதல் வாரத்தில் கேட்டேன். அமெரிக்காவுக்கு இவ்வகை டின் உணவை அனுப்பும் ஆலைகளுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் விதித்தொகுப்பில் 113ஆம் பகுதி பொருந்தும். அதன்படி குறிப்பு வெப்பமானிதான் அதிகாரபூர்வக் கருவி. பதிவுக்கருவி அதனோடு இயன்றவரை ஒத்துப்போக வேண்டும். ஒருபோதும் அதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடாது. இதை அடுத்து வரும் வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. அதிகாரம் இல்லாதவர் பதிவுக்கருவியின் சரிக்கட்டலை மாற்றாதபடி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். ஒரு பூட்டு போதும், அல்லது 'அனுமதி பெற்றவர் மட்டுமே தொடலாம்' என்று நிர்வாகம் அருகில் ஒட்டிய அறிவிப்பே போதும் என்கிறது அந்த விதி. காகிதச் சுருளில் மைப்பேனா கோடு இழுத்த காலத்தில் எழுதப்பட்ட வாக்கியம் அது. இன்றைய தொடுதிரையில் நாம் வைக்கும் பயனர் நிலைகளும் கடவுச்சொற்களும் அந்தப் பூட்டின் பேரப்பிள்ளைகள்தாம்.

மறுநாள் காலை தரக்கட்டுப்பாட்டு அதிகாரி முந்திய இரவின் தாள்களைப் பார்த்தார். ஒரு வேலை நாளுக்குள், சரக்கு வெளியே போகும் முன்னர், பொறுப்பானவர் தாள்களைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. இரண்டாம் எண் ரிட்டார்ட்டில் அடுத்தடுத்து மூன்று சுற்றுகளில் மாமாவின் எழுத்து இப்படி இருந்தது: திரை 121.6, வெப்பமானி 119.6.

உடனே எல்லாரும் சொன்ன விளக்கம், மாமாவுக்குக் கண் சரியில்லை என்பதுதான். காலையில் பராமரிப்புப் பிரிவினர் போய்ப் பார்த்தபோது திரையும் வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டின. கருவியில் கோளாறு இல்லை என்றால் எழுதியவரிடம்தானே கோளாறு? மூன்று சுற்றுச் சரக்கும் தடுத்துவைக்கப்பட்டது. மாமாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தயாரானது.

நான் அப்போது திரைகளின் நிரல்களை நகலெடுத்து வைக்கும் வேலையில் இருந்தேன். தணிக்கைத் தடம் என்று ஒன்று அந்தத் திரையின் நினைவட்டையில் ஓசையில்லாமல் சேர்ந்துகொண்டிருப்பதை அதனால் அறிந்திருந்தேன். நிறுவியவர்கள் அதை இயக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்பிறகு யாரும் திறந்து பார்த்ததில்லை. அட்டை நிறைந்ததும் பழைய வரிகள் தாமாக அழியும்படி அமைத்திருந்ததால் சில வாரங்களுக்கு முந்தியவை எதுவும் மிஞ்சவில்லை. இந்தப் பதிவேடுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது தனிக்கதை. அந்த இரவு மட்டும் அழியாமல் இருந்தது. தேவையான வரிகளை இங்கே தருகிறேன்:

```
21:38:20  SUP  LOGIN
01:44:06  SUP  RT2_STEAM      OFF -> ON
02:09:47  SUP  RT2_TT_OFFSET  0.0 -> 2.0
06:41:15  SUP  RT2_TT_OFFSET  2.0 -> 0.0
06:42:02  SUP  LOGOUT
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். `RT2_TT_OFFSET` என்பது இரண்டாம் எண் ரிட்டார்ட்டின் வெப்ப உணரிக்கான சரிக்கட்டல் எண். உணரி அனுப்பும் அளவோடு இந்த எண்ணைக் கூட்டித்தான் திரை காட்டும், பி.எல்.சி.யும் அந்தக் கூட்டுத்தொகையையே உண்மையென நம்பும். உணரி 0.3 பாகை குறைவாகக் காட்டினால் அதை ஈடுகட்டுவதற்காக வைத்த வசதி அது. யாரோ அதை 2.0 ஆக்கிவிட்டார்கள். அப்போது ரிட்டார்ட் 119.6இல் இருக்கும்போதே திரை 121.6 என்று காட்டும். 25 நிமிடக் கடிகாரமும் ஓடத் தொடங்கும். நோக்கம் எளிது: உற்பத்தி தேங்கக்கூடாது. பிறகு கொதிகலன் சீரானது, ஆனால் கூட்டிய இரண்டு பாகை அப்படியே இருந்தது. அதனால்தான் தாராளமாக நீராவி கிடைத்த அடுத்த இரண்டு சுற்றுகளும் 119.6இலேயே வெந்தன. காலை வேலை நேரம் முடியும் தறுவாயில் யாரோ எண்ணைப் பழையபடி பூஜ்யமாக்கிவிட்டார்கள். பராமரிப்புப் பிரிவினர் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததன் காரணம் இதுவே.

மாமா எழுதிய இரண்டு எண்களின் வேறுபாடு சரியாக 2.0. தடத்தில் உள்ள எண்ணும் 2.0. கண் சரியில்லாதவர் மூன்று முறையும் தசமப் புள்ளி வரை பிசகாமல் தவறாகப் படித்திருக்க முடியாது. இன்னொரு சாட்சியும் இருந்தது. சுத்தமான நீராவியில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தே நடக்கும், 121.6 பாகைக்கு அழுத்தமானி 1.07 பார் அளவில் நிற்க வேண்டும், 119.6க்கு 0.95 போதும். மாமாவின் தாளில் அழுத்தக் கட்டத்தில் 0.95 என்றே இருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பேச்சு திசை மாறியது. "சரி, எழுதியது உண்மைதான். அந்த எண்ணை மாற்றியதும் அவராக இருக்கலாமே? இரவு முழுக்க அந்தத் திரை முன்னால் நின்றவர் அவர்தானே?"

இந்தக் கேள்விக்குத் தடத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அதில் `SUP` என்று மட்டும்தான் இருந்தது. மேற்பார்வையாளர் நிலைக்கான ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். இரண்டு ஷிப்ட் மேற்பார்வையாளர்களும் பராமரிப்புப் பிரிவினரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். அதுவும் நான்கு எண்கள், திரைச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டிய காகிதத்தில் எழுதியிருந்தன. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. இரவு மேற்பார்வையாளர் எதற்காகவோ உள்நுழைந்தவர் வெளியேறவில்லை. தானாக வெளியேற்றும் நேரத்தை யாரோ பூஜ்யமாக வைத்திருந்தார்கள். அப்படியென்றால் வெளியேற்றவே செய்யாது. இரண்டாம் வரியைப் பாருங்கள்: நீராவியைத் திறந்தவர் மாமாதான், அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் திரை அதையும் `SUP` கணக்கில் எழுதியிருக்கிறது. அந்த இரவு திரையைத் தொட்ட எல்லாரும் ஒரே ஆள்.

இப்படிப்பட்ட குழப்பம் நம்மூரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்காவின் புளோரிடாவில் ஓல்ட்ஸ்மார் நகரக் குடிநீர் நிலையத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு அளவு திரையில் பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 11,100க்கு மாற்றப்பட்டது. பணியிலிருந்தவர் உடனே கண்டு திருத்திவிட்டார். வெளியிலிருந்து யாரோ ஊடுருவினார்கள் என்று அன்று உலகெங்கும் செய்தி வந்தது. 2023இல் அந்நகரின் முன்னாள் நிர்வாகி, அது பணியாளர் ஒருவரின் தவறாகவே இருக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். தொலைவிலிருந்து நுழைவதற்கு அங்கும் ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்திருந்தார்கள் என்பது அப்போதே வெளிவந்த செய்தி.

மாமாவின் விஷயத்தில் எங்களுக்கு உதவியது கடிகாரம். தாளையும் தடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, தடத்தில் நீராவி திறந்த நேரம் 01:44, மாமாவின் தாளில் 01:58. முதலில் இதுவும் அவருக்கு எதிராகவே பேசப்பட்டது. பிறகு அந்த இரவின் ஐந்து சுற்றுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வேறுபாடு நான்கில் 14 நிமிடம், ஒன்றில் 13. தாறுமாறாக எழுதுபவரிடம் வேறுபாடு இப்படி ஒரே அளவாக இருக்காது. எந்தக் கடிகாரம் தவறு? மாமாவின் கைக்கடிகாரத்தை வருகைப்பதிவு இயந்திரத்தோடு ஒப்பிட்டோம். ஒரு நிமிடம்கூட வேறுபாடு இல்லை. திரையின் கடிகாரம்தான் 14 நிமிடம் பின்தங்கியிருந்தது. நிறுவிய நாளிலிருந்து யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

ஆக, சரிக்கட்டல் எண் மாறியது 02:09 அன்று, 02:23. மாமா உணவு இடைவேளைக்குப் போய் அட்டையைத் தட்டிய நேரம் 02:16. திரும்பியது 02:44. அந்த எண் மாறிய நேரத்தில் அவர் சிற்றுண்டிச்சாலையில் இருந்தார். திரையின் நேரத்தை அப்படியே நம்பியிருந்தால் அவர் திரை முன்னால் நின்றிருந்தார் என்றே ஆகியிருக்கும். ஒரு கைக்கடிகாரமும் ஓர் ஐந்து வரிக் கூட்டல் கழித்தலும் இல்லையென்றால் அவருடைய வேலை போயிருக்கும்.

அவர் சாப்பிடப் போனபோது ரிட்டார்ட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த அறைக்குள் அப்போது கொதிகலன் ஆளும் வந்துபோனார், பராமரிப்பு ஆளும் வந்துபோனார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்ததை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று இங்கே எழுதினால், மாமாவுக்குச் செய்யவிருந்த அதே காரியத்தை நானும் செய்தவன் ஆவேன். கடிதம் கிழிக்கப்பட்டது. மூன்று சுற்றுச் சரக்கும் வெப்பப் பதப்படுத்தல் வல்லுநரின் மதிப்பீட்டுக்காக ஒதுக்கப்பட்டது. முறை தவறிய சரக்கை மீண்டும் முழுமையாக வேகவைக்கலாம், அல்லது இப்படி ஒதுக்கி மதிப்பிடச் செய்யலாம். வேறு வழி விதியில் இல்லை.

"திரையும் வெப்பமானியும் ஒத்துவரலன்னு அன்னிக்கே சொன்னீங்களா மாமா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"சொன்னேன் தம்பி. வெப்பமானி பழசு, ஸ்கிரீன்ல உள்ளத எழுதுன்னாங்க. எனக்கு மனசு வரல. ரெண்டு கட்டம் போட்டிருக்காங்க, ரெண்டையும் எழுதிட்டேன்."

என் பாட்டி தோட்டத்து நாட்களைப் பற்றிச் சொல்லும்போது பெரட்டையும் செக்ரோலையும் அடிக்கடி குறிப்பிடுவார். விடியற்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். செக்ரோலில் பெயர் விழவில்லையென்றால் நாள் முழுக்க உழைத்தாலும் கூலி இல்லை. அந்தப் புத்தகம் கிராணியின் கையில் இருந்தது. திரையின் முன்னால் நின்று `SUP`, `SUP` என்று படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைவில் வந்தது.

பிறகு ஆலையில் நடந்த மாற்றங்களில் நானும் பங்குகொண்டேன். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் கடவுச்சொல்லைக் கடுமையாக்கினால் போதும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க விதி 11ஆம் பகுதி. 1997 ஆகஸ்ட் 20 முதல் நடப்பில் உள்ளது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும், ஒருவருடையதை இன்னொருவருக்குத் தரக்கூடாது. தணிக்கைத் தடத்தைக் கணினியே நேரத்தோடு எழுத வேண்டும். புதிய அளவு பழைய அளவை மறைக்கக்கூடாது என்கிறது. 2015இல் வந்த பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி தன் பதிவேடுகளுக்கு 11ஆம் பகுதியிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதைப் படித்துவிட்டு உணவு ஆலைக்கு இது வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. டின் உணவுக்கான 113ஆம் பகுதிக்கு அந்த விலக்கு எழுதப்படவில்லை.

முதல் வாரம் தானாக வெளியேற்றும் நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்தோம். மூன்றே நாளில் மீண்டும் எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்துகொண்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: ஈரக் கையுறை, நீராவிப் புகை, ஒரு சுற்றில் பத்துமுறை திரையைத் தொட வேண்டும், ஒவ்வொரு முறையும் எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை அடி என்றால் யார் அடிப்பார்கள்? எவன் முதலில் நுழைந்தானோ அவன் பெயரில் ஓட்டுவார்கள். குற்றம் அவர்களுடையதன்று.

ஆகவே அதிகாரத்தைப் பிரித்தோம். திரையைப் பார்ப்பதற்கும் அபாய ஒலியை நிறுத்துவதற்கும் எந்த நுழைவும் தேவையில்லை. அவசர நிறுத்தப் பொத்தான் திரையில் இல்லவே இல்லை. அது தனிக் கம்பியில் நேரடியாக இயங்குவது, கடவுச்சொல்லின் பின்னால் அதை வைப்பது ஆபத்து. ரிட்டார்ட் பணியாளர் வேலை தொடங்கும்போது தன் அட்டையைத் திரையருகே உள்ள கருவியில் ஒருமுறை காட்டினால் வேலை முடியும்வரை அவர் பெயர் நிற்கும். சுற்றைத் தொடங்கலாம், அனுமதித்த முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலுள்ள வெப்பத்தையோ நேரத்தையோ மாற்ற முடியாது. இடைவேளைக்குப் போகும்போது அட்டையை மீண்டும் காட்டினால் அவர் பெயர் இறங்கிவிடும். பதிலுக்கு வருபவர் தன் அட்டையைக் காட்ட வேண்டும். மேல்நிலை அதிகாரம் உள்ளவர் நுழைந்தால் மட்டும் இரண்டு நிமிடத்தில் திரை தானாகப் பணியாளர் நிலைக்கு இறங்கும்.

மேற்பார்வையாளரிடமிருந்து சரிக்கட்டல் பக்கத்தை முழுமையாக எடுத்துவிட்டோம். உற்பத்தி எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையில் வெப்பமானியின் எண்ணைக் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. பராமரிப்புப் பிரிவில் இருவருக்கு மட்டும் அது உண்டு. அவர்கள் மாற்றினாலும் காரணத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தன் அட்டையைக் காட்டி ஒப்புதல் தந்தால்தான் புதிய எண் பி.எல்.சி.க்குப் போகும். ரிட்டார்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. கூடவே ஓர் எல்லையும் வைத்தோம்: கூட்டவோ குறைக்கவோ அரைப் பாகைக்கு மேல் முடியாது. அதற்கு மேல் தேவைப்படும் உணரியைக் கழற்றிப் போட வேண்டுமே தவிர ஈடுகட்டக்கூடாது. பயனர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அலுவலகத்திலுள்ள கணினிப் பிரிவினர் வேலை; அவர்களால் எந்த வெப்பத்தையும் மாற்ற முடியாது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. தணிக்கைத் தடம் திரை வழியாகச் செய்ததை மட்டுமே அறியும். ஒருவர் மடிக்கணினியைப் பி.எல்.சி.யில் நேரடியாகச் செருகி அதே எண்ணை மாற்றினால் திரைக்கு ஒன்றும் தெரியாது. இதற்காகப் பி.எல்.சி. பெட்டிக்கு உண்மையான இரும்புப் பூட்டையே போட்டோம். சரிக்கட்டல் எண் எந்த வழியில் மாறினாலும் அபாய ஒலி எழும்படி பி.எல்.சி.யிலும் ஒரு வரி எழுதினோம். வெளி நிறுவனத்தார் வந்து திரையின் நிரலைப் புதிதாக ஏற்றினால் பயனர் பட்டியலும் அவர்களிடம் இருந்த பழைய பட்டியலாக மாறிவிடக்கூடும். ஒருமுறை அப்படியே ஆகி, நீக்கப்பட்ட `SUP` உயிர்பெற்று வந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்தோம். இப்போது நிரல் ஏற்றியவுடன் பட்டியலை அச்சிட்டுச் சரிபார்க்கிறார்கள். திரைகளின் கடிகாரங்கள் ஒரே நேரச் சேவையகத்தோடு இணைக்கப்பட்டன. தடம் நாள்தோறும் அலுவலகச் சேவையகத்திற்கு நகலாகிறது.

தாள் மட்டும் போகவில்லை. இத்தனை மின்னணுப் பதிவு வந்தபின் பேனா எதற்கு என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். குறிப்பு வெப்பமானி திரையோடு இணைக்கப்படாத தனிக்கருவி. அதைப் படிக்க ஒரு மனிதக் கண் வேண்டும். அந்த ஒரு கட்டத்துக்காகவே தாளை வைத்திருக்கிறார்கள்.

என் பயிற்சியின் கடைசி வாரத்தில் மாமா இரவு வேலைக்கு வந்தார். புதிய அட்டை கழுத்தில் தொங்கியது. அட்டையைக் காட்டிவிட்டு, முதலாம் எண் ரிட்டார்ட்டுக்கு நீராவி திறந்தார். நான் தடத்தின் பக்கத்தைத் திரையில் திறந்து காட்டினேன்.

```
19:12:40  RT07  RT1_STEAM  OFF -> ON
```

"இதுவா தம்பி என் பேரு?"

"ஆமா மாமா. எழுத்து ரெண்டு, நம்பர் ரெண்டு. உங்களுக்கு மட்டும்தான் இது."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் 7.12 என்று எழுதினார்.